பொத்தானை முடக்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்

"ஒருவர் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துகிறார். இணைய இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்துகிறார். கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போய்விடுகிறது. இதை எப்படித் தடுப்பீர்கள்?"

பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில், சர்வர் பக்கத்து வேலைக்கான நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. அதுவரை 40 நிமிடம் நன்றாகவே போயிருந்தது. அந்தத் தெம்பில், யோசிக்காமல் சொன்னேன்: "முதல் தடவை அழுத்தியதும் பொத்தானை முடக்கிவிடுவேன்."

கேட்டவர் அந்தக் குழுவின் மூத்த பொறியாளர். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. "பொத்தானை யாருமே தொடவில்லை, பதில் வராததால் செயலியே தானாக மறுபடி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது?" என்றார். கடைசி ஒரு நிமிடத்தில் அதே தொகை வந்திருக்கிறதா என்று சர்வரில் பார்ப்பேன் என்றேன். "உண்மையாகவே ஒரே தொகையை இரண்டு முறை செலுத்த வேண்டியவர் இருந்தால்?" என்றார். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன். "பரவாயில்லை, அடுத்ததற்குப் போவோம்" என்றார்.

அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் வீடு வந்து சேரும்வரை அசைபோட்டுக்கொண்டிருந்தேன். நேர்காணலுக்குப் பிறகு அனுப்பும் நன்றி மின்னஞ்சலைப் பற்றி எனக்கு அதுவரை பெரிய மதிப்பு இருந்ததில்லை. கல்யாண வீட்டில் கைகுலுக்கிவிட்டு வருவது போன்ற ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இரவு அதில் ஒரு வேலை இருந்தது. அதனால் முதன்முறையாக அதை உட்கார்ந்து எழுதினேன்.

எழுதுவதற்கு முன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது: அந்தப் பதில் உண்மையிலேயே மோசமானதா, அல்லது எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா? இது அற்பமான கேள்வியல்ல. நேர்காணலிலிருந்து வெளியே வருகிறவருக்குத் தன் பதில்கள் எல்லாமே ஓட்டையாகத்தான் தெரியும். பிற்பாடு நானும் நேர்காணல் குழுக்களில் உட்கார ஆரம்பித்த பிறகு, ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. தன் பழைய வேலையில் நடந்த ஒரு தகராறைப் பற்றிக் கேட்டதற்குத் தான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று இரண்டு பத்தி எழுதியிருந்தார். நாங்கள் மூவருமே அந்தப் பதிலுக்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தோம். மின்னஞ்சலைப் படித்ததும் குழுவில் ஒருவர், "அப்படியானால் அங்கே வேறு ஏதோ நடந்திருக்கிறதோ?" என்றார். யாரும் கவனிக்காத கீறலை அவரே விரல் வைத்துக் காட்டிவிட்டார்.

ஆகவே நம் மனக்குறையை விட எதிரே இருந்தவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் விஷயத்தில் மூன்று அறிகுறிகள் இருந்தன. ஒரே கேள்வியை அவர் சிறிது மாற்றி இரண்டாம் தடவை கேட்டார். இரண்டாவது கேள்வியிலேயே பதிலுக்கான வழியைக் கொஞ்சம் திறந்துவிட்டார். 'செயலியே தானாக' என்பது ஒரு துப்பு. மூன்றாவதாக, நான் முடிக்கும் முன்பே விஷயத்தை மாற்றினார். மூன்றும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. மாறாக, பதிலைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு இயல்பாக அடுத்ததற்குப் போயிருந்தால், நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன்.

எல்லா மோசமான பதிலையும் மின்னஞ்சலில் சரிசெய்துவிடவும் முடியாது. அவர்கள் கண்ணெதிரே ஒரு நிரலை எழுதச் சொல்லி, நான் திணறியிருந்தால், இரவில் வீட்டிலிருந்து அதே நிரலை எழுதி அனுப்பி ஒரு பயனும் இல்லை. அங்கே அவர்கள் பார்க்க விரும்பியது அந்த 30 நிமிடத்தில் நான் எப்படி யோசிக்கிறேன் என்பதை. ஆனால் ஒரு கருத்தில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது, பொருத்தமான உதாரணம் அந்த நேரத்துக்கு நினைவுக்கு வராமல் போனது, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டது ஆகியவற்றை ஒரு பத்தியில் நிமிர்த்திவிடலாம். இன்னொரு வகை உண்டு: பதற்றத்தில் உண்மைக்கு மாறாக எதையாவது சொல்லிவிடுவது. 2 ஆண்டு செய்த வேலையை 4 ஆண்டு என்று வாய்தவறிச் சொல்லியிருந்தால், அதை யாரும் கவனித்தார்களா என்று கணக்குப் பார்க்கக்கூடாது. மறுநாளே ஒரே வாக்கியத்தில் திருத்திவிட வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பில் அவர்களாகக் கண்டுபிடித்தால் அது பொய்யாகவே பதிவாகும்.

என் முதல் வரைவை இப்போது படித்தால் காது சிவக்கிறது. இப்படித் தொடங்கியிருந்தேன்:

"முதலில் என் மனப்பூர்வமான மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். முந்தின இரவு சரியாகத் தூங்காததாலும் மிகுந்த பதற்றத்தில் இருந்ததாலும், எனக்கு நன்றாகவே தெரிந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டது…"

இதில் மூன்று கோளாறுகள். மன்னிப்புக் கேட்க நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. தூக்கம் வரவில்லை என்பது வேலைக்கு எடுப்பவருக்கு ஆறுதல் தரும் செய்தியல்ல. நள்ளிரவில் சர்வர் விழுந்தால் இவர் என்ன செய்வார் என்ற கேள்வியைத்தான் அது கிளப்பும். எல்லாவற்றையும் விட மோசம், 'எனக்கு நன்றாகவே தெரிந்த' என்ற சொற்கள். எனக்கு அது நன்றாகத் தெரியாது என்பதை அவர் நேரில் பார்த்தவர். வீட்டுக்கு வந்து யோசித்தும் படித்தும்தான் தெரிந்துகொண்டேன். அதை மறைத்தால் மின்னஞ்சலின் மீதிப் பகுதியையும் அவர் நம்பக் காரணம் இல்லை.

சரி, அந்தப் பதில்தான் என்ன? யோசிக்க உட்கார்ந்தபோது முதலில் பிடிபட்டது இது. தொகையையும் நேரத்தையும் வைத்து இரண்டு கோரிக்கைகள் ஒன்றா வேறா என்று சர்வரால் சொல்லவே முடியாது. அது தெரிந்தவர் பணம் செலுத்துபவர் மட்டுமே. ஆகவே அவர் செலுத்த முடிவு செய்த கணத்தில் அவருடைய செயலி ஓர் அடையாள எண்ணை உருவாக்க வேண்டும். மறுபடி மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் புது எண் போட்டால் எல்லாம் வீண். சர்வர் அந்த எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே வந்ததாக இருந்தால் மறுபடி பணம் எடுக்காது.

இதை வரைவில் எழுதிவிட்டு அனுப்பப் போனேன். நல்லவேளை, ஒரு தடவை எதிர்க்கட்சி வக்கீலைப் போலப் படித்துப் பார்த்தேன். 'அந்த எண் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று சர்வர் பார்க்கும். இல்லையென்றால் பதிவு செய்துவிட்டுப் பணம் எடுக்கும்' என்று எழுதியிருந்தேன். இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால்? இரண்டுமே பார்க்கும், இரண்டுக்குமே 'இல்லை' என்று பதில் வரும், இரண்டுமே பணம் எடுக்கும். ஓட்டையை அடைக்கப் போட்ட ஒட்டிலேயே ஓட்டை. பார்த்துவிட்டுப் பதிவு செய்வதற்குப் பதில், நேரே பதிவு செய்ய முயல வேண்டும். ஒரே எண் இரண்டு முறை பதிவாவதைத் தரவுத்தளமே மறுக்கும்படி யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தாமல் அனுப்பியிருந்தால், நேரில் ஒரு தடவை தவறியதை எழுத்தில் இன்னொரு தடவை தவறியிருப்பேன். அதற்குப் பதற்றம் என்ற சாக்கும் கிடைத்திருக்காது. துறை தெரிந்த நண்பர் ஒருவருக்கு அந்தப் பத்தியை மட்டும் அனுப்பிப் படிக்கச் சொன்னதும் அதனால்தான்.

மறுநாள் காலை நான் அனுப்பியது இது:

பொருள்: நேற்றைய நேர்காணல்: இரட்டைக் கட்டணக் கேள்வி

வணக்கம்.

நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. மாதக் கடைசியில் கணக்குச் சரிபார்ப்பு உங்கள் குழுவின் 2 நாட்களை எடுத்துக்கொள்கிறது என்று சொன்னீர்கள். இந்த வேலையில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெளிவாயிற்று.

இரட்டைக் கட்டணம் பற்றிய கேள்விக்கு நான் சொன்ன பதில் பயனரின் திரையோடு நின்றுவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்ததில், நான் இப்படிச் செய்வேன். பயனர் செலுத்த முடிவு செய்யும்போதே செயலி ஓர் அடையாள எண்ணை உருவாக்கும். எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான் போகும். சர்வர் பணம் எடுப்பதற்கு முன் அந்த எண்ணை யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் உள்ள அட்டவணையில் பதிவு செய்ய முயலும். பதிவாகவில்லை என்றால் அது பழைய கோரிக்கை. புதிதாகப் பணம் எடுக்காமல் முதல் கோரிக்கையின் முடிவையே திருப்பி அனுப்பும். இரண்டும் ஒரே கணத்தில் வந்தாலும் ஒன்றுதான் பதிவாகும்.

சரிபார்ப்புப் பணியை நான் நேரடியாகச் செய்திருக்கிறேன். இப்போதைய வேலையில் இரண்டு அமைப்புகளின் பதிவுகளை ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் மனிதர்களிடம் அனுப்பும் நிரலை எழுதினேன். தினமும் 3 மணி நேரம் ஆன வேலை 20 நிமிடமாகக் குறைந்தது. உங்கள் குழுவில் சேர்ந்தால் நான் முதலில் கேட்டு வாங்க விரும்புவது இந்தப் பணியைத்தான்.

வேறு விவரம் ஏதாவது தேவைப்பட்டால் எழுதுங்கள்.

அவ்வளவுதான். கைபேசித் திரையில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடும் நீளம். முதல் வரைவு இதைப் போல மூன்று மடங்கு இருந்தது.

குறையை ஒப்புக்கொள்ளும் இடம் ஒரே வாக்கியம்: 'பயனரின் திரையோடு நின்றுவிட்டது.' பதில் தவறு என்றோ, நான் சொதப்பிவிட்டேன் என்றோ சொல்லவில்லை. எங்கே நின்றது என்று மட்டும் சொல்கிறது. அதைச் சொல்ல முடிகிறவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். அந்த வாக்கியத்தை எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. 'பிறகு யோசித்துப் பார்த்ததில்' என்பதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். படித்துத் தெரிந்துகொண்டதைப் படித்துத் தெரிந்துகொண்டதாகவே காட்டுவதில் வெட்கம் இல்லை.

பொருத்தத்தைச் சொல்லும் பத்தி இதை விட எளிது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் மின்னஞ்சல் சோர்ந்துபோகிறது. 'இந்தப் பணிக்கு நான் மிகவும் பொருத்தமானவன், கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவன்' என்பதை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம்; அதனாலேயே எந்த நிறுவனத்திலும் அது எடுபடாது. நான் செய்தது, அவர் வாயிலிருந்து வந்த ஒரு தொல்லையை எடுத்து, அதன் பக்கத்தில் நான் செய்த ஒரு வேலையை வைத்ததுதான். அந்தத் தொல்லையை அவர் எப்போது சொன்னார்? நேர்காணலின் கடைசியில், 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்றபோது, 'இப்போது உங்கள் குழுவின் நேரத்தை அதிகம் தின்பது எது?' என்று கேட்டேன். அந்தப் பதிலை வெளியே வந்த உடனேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். நன்றி மின்னஞ்சலுக்கான சரக்கு நேர்காணலிலேயே சேர்ந்துவிட வேண்டும். அங்கே எதையும் கேட்காமல் வந்தவருக்கு இரவில் எழுத விஷயம் இருக்காது.

அந்த 3 மணி நேரமும் 20 நிமிடமும் நேர்காணலில் ஏற்கெனவே வந்திருந்தால் மறுபடி எழுதியிருக்க மாட்டேன். அன்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சொன்னதையே திருப்பிச் சொல்லும் மின்னஞ்சல் விண்ணப்பத்தின் இரண்டாவது நகல்தான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேர்காணல் நடத்தியவர்களிடம், பல இடங்களில், ஒரு படிவம் இருக்கும். தலைப்பு வாரியாக மதிப்பெண்ணும் சில வரிக் குறிப்பும் எழுத வேண்டும். அன்றே அல்லது மறுநாள் எழுதிவிடுவார்கள். பிறகு எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். மின்னஞ்சல் அந்தக் கூட்டத்துக்கு முன் போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு ஏதாவது வேலை உண்டு. 24 மணி நேரத்துக்குள் என்று பொதுவாகச் சொல்வதன் காரணம் மரியாதை மட்டுமல்ல. அதே சமயம், நேர்காணல் முடிந்து 10 நிமிடத்தில் வரும் மின்னஞ்சல் முன்பே எழுதி வைத்ததைப் போலத் தெரியும். பதிலைத் திருத்துவதற்கோ அந்த அவசரம் ஆகவே ஆகாது. இரவு எழுதி, காலையில் ஒரு தடவை படித்து அனுப்புவது எனக்குச் சரிப்பட்டது.

என்னை அன்று மூவர் பார்த்தார்கள். திருத்தம் பொறியாளருக்கு மட்டும்தான் போயிற்று, ஏனென்றால் கேட்டவர் அவர். குழுத்தலைவருக்கு எழுதியதில் கணக்குச் சரிபார்ப்பு பற்றி மட்டும் இருந்தது. மனிதவளத் துறை அலுவலருக்கு மூன்று வரி நன்றியும், அடுத்த கட்டம் எப்போது என்ற கேள்வியும். ஒரே மின்னஞ்சலைப் பெயர் மட்டும் மாற்றி மூவருக்கும் அனுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த மூவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். எங்கள் குழுவில் ஒரு முறை அப்படி நடந்தது. மூன்று திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துச் சிரித்தோம். அந்த விண்ணப்பதாரர் மேல் கோபம் எதுவும் இல்லை, ஆனால் அந்த மின்னஞ்சலுக்கு அதோடு மதிப்பும் போய்விட்டது. பொறியாளரின் முகவரி என்னிடம் இல்லை. நிறுவனத்தின் முகவரி அமைப்பைப் பார்த்து ஊகித்து அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை விட்டுவிட்டு, மனிதவளத் துறை அலுவலரிடமே கேட்டேன். முகவரி தர முடியாது, தானே அனுப்பிவிடுகிறேன் என்றார். அதுவும் போதும்.

இந்த மின்னஞ்சலால் என்ன நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் எல்லோரும் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவரை ஒரு மின்னஞ்சல் திரும்பக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. சிலர் இவற்றைப் படிப்பதே இல்லை. சில இடங்களில் நேர்காணலில் சொன்னதை மட்டுமே கணக்கில் எடுப்பது என்று விதி வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்ற அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. மின்னஞ்சல் வேலை செய்யும் இடம் ஒன்றுதான்: மற்றதெல்லாம் சரி, இந்த ஒன்று மட்டும் இடிக்கிறது என்று ஒருவர் தயங்கிக்கொண்டிருக்கும் இடம். அங்கேயும் ஒரே ஒரு பதிலைத் தூக்கி நிறுத்தத்தான் அதற்குச் சக்தி உண்டு. அன்று எனக்கு உறுத்திய பதில்கள் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றையும் சேர்த்திருந்தால் அது நன்றி மின்னஞ்சலாக இருந்திருக்காது, குற்றப்பட்டியலாக இருந்திருக்கும்.

பொறியாளரிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை. 6 நாள் கழித்து இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு வந்தது. போனால், எதிரே முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. கையில் ஓர் அச்சுத்தாள். என் மின்னஞ்சலின் இரண்டாம் பத்தி.

"எண்ணைப் பதிவு செய்துவிட்டீர்கள். வங்கியிடம் பணம் எடுக்கச் சொல்லிவிட்டீர்கள். பதில் வரும் முன் உங்கள் சர்வர் விழுந்துவிடுகிறது. இப்போது அதே எண்ணோடு கோரிக்கை மறுபடி வருகிறது. முதல் கோரிக்கையின் முடிவைத் திருப்பி அனுப்புவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த முடிவை?"

முடிவே இல்லை. பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற நிலை ஒன்று வேண்டும், அந்த நிலையில் இருப்பதைத் தோல்வி என்று சொல்லிவிடக்கூடாது, அதே அடையாள எண்ணை வைத்து வங்கியிடமே என்ன ஆயிற்று என்று கேட்ட பிறகுதான் பயனருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன். இந்தத் தடவை தண்ணீர்க் குவளையைப் பார்க்கவில்லை.

"இது தெரிந்திருந்தால் இதையும் எழுதியிருக்கலாமே?" என்றார்.

"எழுதியிருந்தேன். நீளமாகிவிட்டது என்று வெட்டிவிட்டேன்" என்றேன்.

அவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.